ஒடுங்கிய போலிஞ்சர் பட்டையும் அடுத்து வரும் ஏற்ற இறக்கமும்

விலை வரைபடத்தில் நகரும் சராசரிக்கு மேலும் கீழும் ஓடும் போலிஞ்சர் பட்டையின் இரண்டு கோடுகள் நெருங்கி வந்து, நடுவில் மெல்லிய ஓடை போன்ற இடைவெளி மட்டும் மிஞ்சும்போது, ‘ஸ்குவீஸ் வந்துவிட்டது, பெரிய நகர்வு நெருங்கிவிட்டது’ என்று வர்த்தகர்கள் சொல்வார்கள். இந்தக் கூற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அது வழக்கமாகச் சொல்லப்படும் அளவைவிடச் சிறியது, வேறு வடிவமும் உடையது. ஒடுங்கிய பட்டை அடுத்த சில வாரங்களின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி உண்மையில் எவ்வளவு சொல்ல முடியும் என்பதைப் பார்க்க, அந்தப் பட்டை எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சந்தை ஆய்வாளர் ஜான் போலிஞ்சர் 1980-களின் தொடக்கத்தில் வகுத்த அமைப்பில், கடைசி 20 நாட்களின் முடிவு விலைகளின் எளிய சராசரி நடுக்கோடாகிறது. அதே 20 விலைகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு, அதன் இரு மடங்கை நடுக்கோட்டுடன் கூட்டினால் மேல் பட்டையும், கழித்தால் கீழ்ப் பட்டையும் கிடைக்கும். அதற்கு முன்பு சராசரிக்கு இத்தனை சதவீதம் மேலே, இத்தனை சதவீதம் கீழே என்று நிலையான அகலத்தில் கோடு வரைந்தவர்கள் இருந்தார்கள். அகலத்தை விலையின் சொந்தச் சிதறலே தீர்மானிக்கும்படி விட்டதுதான் போலிஞ்சர் செய்த மாற்றம். அகலத்தை வெவ்வேறு காலங்களுக்கிடையே ஒப்பிடுவதற்காக அதை நடுக்கோட்டால் வகுத்துக்கொள்வார்கள்.

```
BandWidth = (Upper - Lower) / Middle
```

இந்த எண் கடந்த ஆறு மாதங்களில் இல்லாத அளவுக்குக் குறைந்தால் அதை ஸ்குவீஸ் என்று கொள்வது போலிஞ்சரின் வழக்கம். ஆறு மாதம் என்பது சுமார் 125 வர்த்தக நாட்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ஏற்ற இறக்கம், அதாவது வாலட்டிலிட்டி, என்று நிதிக் கணக்கில் சொல்லப்படுவது பெரும்பாலும் தினசரி மாற்றங்களின் சிதறல். பட்டை அளப்பதோ விலைகளின் சிதறல். இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. ஒரு பங்கு 101-இல் தொடங்கி நாளுக்கு சரியாக 1 வீதம் ஏறி 20-ஆம் நாளில் 120-ஐத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 110.5, திட்ட விலக்கம் ஏறக்குறைய 5.77, எனவே பட்டையின் அகலம் நடுக்கோட்டில் சுமார் 20.9 சதவீதம். இன்னொரு பங்கு ஒரு நாள் 109.5, மறுநாள் 111.5, அதற்கு மறுநாள் மீண்டும் 109.5 என்று 20 நாட்களும் முன்னும் பின்னும் தாவுகிறது. அதன் சராசரியும் 110.5-தான், ஆனால் திட்ட விலக்கம் 1, பட்டையின் அகலம் 3.6 சதவீதம் மட்டுமே. இரண்டாவது பங்கு நாள்தோறும் முதல் பங்கைப் போல இரு மடங்கு நகர்ந்திருக்கிறது. அதன் பட்டையோ ஐந்தில் ஒரு பங்கு அகலம்கூட இல்லை. முதல் பங்கு நாள் தவறாமல் ஒரே அளவு ஏறியது, அதில் பதற்றம் எதுவும் இல்லை. அதன் பட்டை விரிந்து கிடக்கிறது.

ஆகவே பட்டை ஒடுங்குவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். தினசரி நகர்வுகள் உண்மையிலேயே சிறுத்துப் போயிருக்கலாம்; அல்லது நகர்வுகள் வழக்கமான அளவிலேயே இருந்து, ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, விலையை எங்கும் கொண்டு போகாமல் இருக்கலாம். முதலாவது அமைதி. இரண்டாவது இழுபறி. வரைபடத்தில் இரண்டும் ஒரே தோற்றம் தருகின்றன என்பதால்தான் குழப்பம் வருகிறது. பிரித்தறியும் வழி எளிது: அதே 20 நாட்களின் தினசரி சதவீத மாற்றங்களுக்குத் தனியாகத் திட்ட விலக்கம் கணக்கிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டையும் அந்த எண்ணும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் அமைதி. பட்டை மட்டும் தாழ்ந்திருந்தால் இழுபறி.

பரவலாகப் பயன்படும் இன்னொரு ஸ்குவீஸ் வரையறை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. போலிஞ்சர் பட்டைகள் முழுவதுமாக கெல்ட்னர் சேனல் என்ற மற்றொரு பட்டைக்குள் அடங்கிவிட்டால் ஸ்குவீஸ் என்பது அந்த வரையறை. கெல்ட்னர் சேனலின் இன்றைய வடிவம் தன் அகலத்தை சராசரி உண்மை வீச்சிலிருந்து, அதாவது நாளுக்கு நாள் விலை அலையும் தூரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எனவே இந்த வரையறை ஒப்பிடுவது, முடிவு விலைகள் சிதறிய அளவையும் அன்றாட அலைச்சலையும். இரண்டும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் இந்த ஸ்குவீஸ் தோன்றவே தோன்றாது. அலைச்சலுக்கு ஏற்ற பயணம் இல்லாதபோதுதான் தோன்றும். இது அமைதியைவிட இழுபறியையே அதிகம் பிடிக்கும் கருவி என்பது என் கருத்து. இரண்டு வரையறைகளையும் ஒரே பெயரில் அழைப்பதால், ஒன்றின் மீது செய்த சோதனையின் முடிவை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்லும் பிழை அடிக்கடி நேர்கிறது.

இனி, உண்மையான அமைதி நிலவும் ஸ்குவீஸை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்குப் பின் என்ன எதிர்பார்க்கலாம்?

விலை எந்தத் திசையில் போகும் என்பதைக் கணிப்பது மிகக் கடினம். எவ்வளவு அலையும் என்பதைக் கணிப்பது அந்த அளவுக்குக் கடினமல்ல. 1963-இல் பருத்தி விலைகளை ஆராய்ந்த கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட், பெரிய மாற்றங்களைத் தொடர்ந்து, திசை எதுவானாலும், பெரிய மாற்றங்களும், சிறிய மாற்றங்களைத் தொடர்ந்து சிறிய மாற்றங்களும் வரும் போக்கைச் சுட்டிக்காட்டினார். பொருளியலாளர்கள் ராபர்ட் எங்கிள் 1982-இலும் டிம் போலர்ஸ்லெவ் 1986-இலும் இந்தப் போக்கைக் கணித மாதிரிகளாக வடித்தார்கள். போலர்ஸ்லெவின் மாதிரிக்கு கார்ச் என்று பெயர். இந்த மாதிரிகளின் சாரம் இரண்டு பண்புகள். ஏற்ற இறக்கம் ஒட்டிக்கொள்ளும்: இன்று அமைதி என்றால் நாளையும் அமைதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதோடு அது நீண்டகால சராசரியை நோக்கி மெல்லத் திரும்பும்: அமைதி என்றென்றும் நீடிக்காது, பதற்றமும் நீடிக்காது.

ஸ்குவீஸ் பற்றிய வழக்கமான பேச்சு இரண்டாவது பண்பை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாவதை மறந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு குறியீட்டின் நீண்டகால தினசரி ஏற்ற இறக்கம் 1.2 சதவீதம் என்றும், ஸ்குவீஸ் நிலவும் இன்று அது பாதியாக, 0.6 சதவீதமாக இருக்கிறது என்றும் கொள்வோம். கார்ச் மாதிரியில் கணக்கு திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில், அதாவது பரவற்படியில், நடக்கும்: நீண்டகால அளவு 1.44, இன்றைய அளவு 0.36, இடைவெளி 1.08. இந்த இடைவெளி நாளொன்றுக்கு 0.97 மடங்காகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டால், நாளைய எதிர்பார்ப்பு 0.63 சதவீதம். பத்தாவது நாளுக்கான எதிர்பார்ப்பு 0.80, இருபதாவது நாளுக்கு 0.92, அறுபதாவது நாளுக்கு 1.13.

இந்த வரிசையை நிதானமாகப் பார்க்க வேண்டும். நாளை ஏறக்குறைய இன்றுபோலவே இருக்கும். ஒரு மாத வர்த்தகத்துக்குப் பிறகு தினசரி நகர்வு இன்றைப்போல ஒன்றரை மடங்காக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்போதும் அது வழக்கமான சந்தையைவிட அமைதியானதே. எதிர்பார்ப்பு எந்த நாளிலும் 1.2-ஐத் தாண்டுவதில்லை. ‘ஸ்குவீஸுக்குப் பின் ஏற்ற இறக்கம் கூடும்’ என்பது இன்றைய அளவோடு ஒப்பிட்டால் சரி. ‘ஸ்குவீஸுக்குப் பின் சந்தை வழக்கத்தைவிட அதிகமாக வெடிக்கும்’ என்பது இந்தக் கணக்கிலிருந்து வரவே வராது. இது சராசரியைப் பற்றிய கூற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனியொரு ஸ்குவீஸுக்குப் பின் பெருவெடிப்பு நிகழலாம், நிகழ்ந்தும் இருக்கிறது. ஆனால் அதே அளவு வெடிப்பு ஏற்கனவே கொந்தளித்துக்கொண்டிருக்கும் சந்தையில் நிகழும் வாய்ப்பே அதிகம். ஒடுங்கிய பட்டையிலிருந்து கிளம்பிய நகர்வு வரைபடத்தில் பளிச்சென்று தெரிவதால் நினைவில் நிற்கிறது; ஒடுங்கியபடியே இரண்டு மாதம் கிடந்த பட்டைகளை யாரும் வரைபடமாக எடுத்து வைத்துக்கொள்வதில்லை.

அமைதி எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு 2017 சிறந்த சான்று. அந்த ஆண்டு முழுவதிலும் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஒரு சதவீதமோ அதற்கு மேலோ நகர்ந்த நாட்கள் 8 மட்டுமே. எதிர்பார்க்கப்படும் ஏற்ற இறக்கத்தை ஆப்ஷன் விலைகளிலிருந்து கணக்கிடும் விக்ஸ் குறியீடு, 2017 நவம்பர் 3 அன்று 9.14-இல் முடிந்தது. ஆறு மாதத்தின் மிகக் குறுகிய அகலம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு ‘இதோ வருகிறது’ என்று காத்திருந்தவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் வெடிப்பு வந்தது 2018 பிப்ரவரி 5 அன்று: குறியீடு ஒரே நாளில் 4.1 சதவீதம் விழுந்தது, விக்ஸ் 17.31-இலிருந்து 37.32-க்குத் தாவியது.

இந்த நிகழ்வை ஸ்குவீஸ் கோட்பாட்டின் வெற்றியாகச் சொல்பவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள். 2018 ஜனவரியில் குறியீடு கிட்டத்தட்ட நாள் தவறாமல் ஏறியது. ஜனவரி 26-க்குள் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 7 சதவீதத்துக்கு மேல் உயர்ந்துவிட்டது. நாளுக்கு 1 வீதம் ஏறிய நம் கற்பனைப் பங்கைப் போலவே, தினசரி அலைச்சல் சிறிதாக இருந்தும் அந்தச் சீரான ஏற்றமே பட்டையை விரித்துவிட்டது. வீழ்ச்சி வந்த நேரத்தில் பட்டை ஒடுங்கியிருக்கவில்லை. தினசரி மாற்றங்களின் அமைதியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஜனவரியிலும் அமைதிதான் தெரிந்திருக்கும். பட்டையின் அகலத்தைப் பார்த்தவருக்கு ஸ்குவீஸ் முடிந்து, அதன் விரிவும் மேல்நோக்கி நடந்தேறிவிட்டதாகத் தோன்றியிருக்கும்.

பட்டை விரியும் நாளில் என்ன நடக்கிறது என்பதையும் எண்களில் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் ஸ்குவீஸ் ‘பலித்தது’ என்று தவறாக எண்ண வைக்கும் பொறி அங்கேதான் இருக்கிறது. 20 நாட்களாக விலை 100-ஐச் சுற்றி 1 என்ற திட்ட விலக்கத்துடன் கிடக்கிறது. பட்டைகள் 98, 102. அகலம் 4 சதவீதம். அடுத்த நாள் விலை 104-இல் முடிகிறது. கணக்கில் வரும் 20 நாள் சாளரத்திலிருந்து வெளியேறிய பழைய நாள் போக மிஞ்சிய 19 நாட்களின் சராசரியும் திட்ட விலக்கமும் மாறவில்லை என்று கொண்டால், புதிய சராசரி 100.2, திட்ட விலக்கம் சுமார் 1.31. மேல் பட்டை 102.8-க்கு ஏறுகிறது, கீழ்ப் பட்டை 97.6-க்கு இறங்குகிறது. விலை ஏறியிருக்கும்போது கீழ்ப் பட்டை கீழ்நோக்கி வளைவது முதன்முறை பார்ப்பவருக்கு விநோதமாகப் படும். உண்மையான விரிவின் அடையாளமே அதுதான். திட்ட விலக்கத்துக்குத் திசை தெரியாது, சராசரி நகர்ந்ததைவிடச் சிதறல் வேகமாகக் கூடிவிட்டது என்று மட்டுமே அது சொல்கிறது. அகலம் இப்போது 5.2 சதவீதம்.

இதற்குப் பின் விலை 104-இலேயே அசையாமல் நிற்கிறது என்று கொள்வோம். எந்த நகர்வும் இல்லை, தினசரி மாற்றம் பூஜ்யம். ஆனாலும் பத்தாவது நாளில், சாளரத்தில் பாதி நாட்கள் 100-ஐ ஒட்டியும் பாதி நாட்கள் 104-இலும் இருக்கும்போது, திட்ட விலக்கம் 2.12-ஆகிவிடுகிறது, அகலம் 8.3 சதவீதம். ஒரே ஒரு நாள் நகர்வுக்குப் பிறகு ஒன்பது நாட்கள் சந்தை உறைந்து கிடக்க, பட்டையோ ஏறக்குறைய அந்த ஒன்பது நாட்களும் விரிந்துகொண்டே போயிருக்கிறது. வரைபடத்தில் இது தொடர்ந்து பெருகும் ஏற்ற இறக்கம் போலத் தெரியும். நடந்தது ஒரே ஒரு தாவல். மீதி அதன் எதிரொலி.

இதற்கு நேர்மாறானதும் நிகழும். ஒரு பெரிய நகர்வு சாளரத்தின் பின்முனையிலிருந்து வெளியேறும் நாளில், அன்று எதுவும் நடக்காமலேயே அகலம் சட்டெனச் சுருங்கக்கூடும். திடீரென்று தோன்றும் ஸ்குவீஸ்களில் சில இப்படிப் பிறந்தவை. சந்தேகம் வந்தால் வரைபடத்தில் 20 நாள் பின்னோக்கிச் சென்று அங்கே என்ன இருந்தது என்று பார்த்தால் போதும். சாளரத்தை 15 அல்லது 30 நாளாக மாற்றிப் பார்க்கும்போது ஸ்குவீஸ் மறைந்துவிட்டால், அது பெரும்பாலும் சாளரத்தின் விளையாட்டு.

ஸ்குவீஸின் கணிப்புத் திறனைச் சோதிப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழையும் இங்கிருந்தே புறப்படுகிறது. ‘அகலம் ஆறு மாதக் குறைவைத் தொட்ட பின் 20 நாட்களில் அகலம் கூடியதா?’ என்று கேட்டால், விடை பெரும்பாலும் ‘ஆம்’ என்றே வரும். ஆனால் எந்த வரிசையிலும் மிகச் சிறிய எண்ணாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒன்றுக்கு அடுத்து வருவது அதைவிடப் பெரிதாக இருப்பது இயல்பு. அதோடு, 20 நாட்களில் விலை ஒரே ஒரு முறை சற்றுத் தாவினாலும் எதிரொலி அகலத்தைக் கூட்டிவிடும். கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும். ஸ்குவீஸுக்குப் பிந்தைய 20 நாட்களின் தினசரி மாற்றங்களின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு, அதை இரண்டு அளவுகளோடு ஒப்பிட வேண்டும்: ஸ்குவீஸ் நாளன்று இருந்த அளவோடு ஒரு முறை, நீண்டகால அளவோடு ஒரு முறை. ஏற்ற இறக்கம் ஒட்டிக்கொள்ளும், மெல்லத் திரும்பும் என்ற இரு பண்புகளும் அந்தச் சந்தையில் இருந்தால், முதல் ஒப்பீட்டில் சற்று உயர்வும் இரண்டாவது ஒப்பீட்டில் இன்னும் தாழ்வும் தெரியும். இரண்டாவது ஒப்பீட்டிலும் உயர்வு தெரிகிற சந்தையோ காலமோ கிடைத்தால், அங்கே ஸ்குவீஸ் கார்ச் சொல்லாத ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்று அப்போது பேசலாம்.

அப்படிப்பட்ட இடங்கள் இல்லாமல் இல்லை. ஒரு நிறுவனம் காலாண்டு முடிவுகளை அறிவிக்கும் நாளோ, மத்திய வங்கி வட்டி விகிதத்தை முடிவு செய்யும் நாளோ முன்கூட்டியே தெரிந்திருந்தால், அதற்கு முந்தைய நாட்களில் வாங்குபவரும் விற்பவரும் பொறுத்திருப்பதால் விலை அடங்கிப் போகலாம். அந்த அமைதிக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. பட்டைக்கு நாள்காட்டி தெரியாது, பார்ப்பவருக்குத் தெரியும். இந்தச் சூழலில் அடுத்த நகர்வின் அளவைப் பற்றி ஆப்ஷன் விலைகள் பட்டையைவிட நேரடியாகப் பேசும், ஏனெனில் அறிவிப்பு நாளையும் சேர்த்து விலை வைத்தவர்களின் மதிப்பீடு அவற்றில் இருக்கிறது. பட்டை ஒடுங்கிக் கிடக்க, ஆப்ஷன்கள் உணர்த்தும் ஏற்ற இறக்கம் உயர்ந்து நின்றால், அந்த முரண்பாடே பயனுள்ள செய்தி.

இன்னொரு வகை அமைதியை யாரோ பிடித்து நிறுத்தியிருப்பார்கள். ஒரு நிறுவனத்தை இன்ன விலைக்கு ரொக்கமாக வாங்கிக்கொள்கிறோம் என்று மற்றொரு நிறுவனம் அறிவித்துவிட்டால், பங்கின் விலை அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கும். பட்டை நூலாக ஒடுங்கும். அதற்கு ஏற்ற இறக்கம் பற்றிய எந்தப் பொருளும் இல்லை. ஒப்பந்தம் நிறைவேறினால் பங்கு சந்தையிலிருந்து நீங்கும், முறிந்தால் விழும், அவ்வளவே. ஸ்விட்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டம்பர் 6 முதல் யூரோவின் மதிப்பு 1.20 பிராங்குக்குக் கீழே போகாதபடி காத்துவந்தது. 2014-இன் கடைசி வாரங்களில் விலை அந்த எல்லையை ஒட்டியே கிடந்தது. 2015 ஜனவரி 15 அன்று வங்கி அந்த எல்லையைக் கைவிட்டதும் யூரோ சில நிமிடங்களில் 1.00-க்கும் கீழே சரிந்தது. அந்த ஒடுங்கிய பட்டை அளந்தது வங்கியின் உறுதியை. உறுதி எந்த நாளில் தளரும் என்பதற்கோ, தளர்ந்தால் விலை எங்கே போய் நிற்கும் என்பதற்கோ கடந்த 20 நாட்களின் முடிவு விலைகளில் எந்தத் தடயமும் இருந்திருக்க முடியாது.

திசையைப் பொறுத்தவரை, அகலம் சமச்சீரானது என்பதால் அதிலிருந்து மேலா கீழா என்று எதையும் பெற முடியாது. போலிஞ்சரே ஹெட் ஃபேக், அதாவது ஏமாற்று நகர்வு, என்று ஒன்றைப் பற்றி எச்சரித்தார்: ஸ்குவீஸிலிருந்து விலை முதலில் ஒரு பக்கம் பட்டையைக் கடந்து, பிறகு திரும்பி எதிர்ப்பக்கம் உண்மையான நகர்வைத் தொடங்குவது. மேலே கண்ட கணக்கு இது ஏன் எளிதில் நடக்கிறது என்பதையும் விளக்குகிறது. அகலம் 4 சதவீதமாகச் சுருங்கியிருக்கும்போது பட்டையைத் தாண்ட 2 சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான நகர்வு போதும். நீண்டகால தினசரி ஏற்ற இறக்கம் 1.2 சதவீதமாக இருக்கும் ஒரு குறியீட்டில் அது இரண்டு சாதாரண நாட்களின் வேலை. பட்டை ஒடுங்கும்போது எல்லையும் கிட்டத்தில் வந்துவிடுகிறது. ஆகவே அதைக் கடப்பது அதே அளவுக்குப் பொருளும் இழக்கிறது. முதல் கடப்பை நம்பலாமா என்று முடிவு செய்ய, கடந்த நாளின் நகர்வை ஒடுங்கிய பட்டையோடு ஒப்பிடுவதைவிட நீண்டகால தினசரி அளவோடு ஒப்பிடுவதே மேல் என்று கருதுகிறேன். 104-இல் முடிந்த அந்த நாளின் நகர்வு ஏறக்குறைய 4 சதவீதம், அதாவது 1.2-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். 102.1-இல் முடிந்திருந்தால் நகர்வு சுமார் 2.1 சதவீதமே, ஆனாலும் அதுவும் பழைய மேல் பட்டையைத் தாண்டியதாகவே வரைபடம் காட்டியிருக்கும்.